கவுண்ட் நல்லாத்தான் இருக்கு

2017 அக்டோபரில் என் கைப்பேசியில் இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளின் படங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று பெரியப்பாவுடையது. டெங்கு. தட்டணுக்கள் 24,000. இன்னொன்று சித்தப்பா மகளுடையது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தட்டணுக்கள் 2,65,000.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். அந்த மழைக்காலத்தில் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “கவுண்ட் எவ்வளவு?” கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் இதே கணக்கு. நேற்று 41, இன்று 24 என்றால் குழுவில் அழுகைப் பொம்மைகள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், ரத்தம் கொடுக்க ஆள் தேடல். நான் சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வரவில்லை. ஊசி குத்திய இடத்தில் ஒரு நீலத் தடம், அவ்வளவுதான். தங்கச்சிக்கோ முதல் மாதவிலக்கு. பதினோரு நாளாக நிற்கவே இல்லை. ஹீமோகுளோபின் 5-க்கு வந்துவிட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். அவளை முதலில் பார்த்த இடத்தில் அறிக்கையைத் திருப்பிக்கொடுத்து, “கவுண்ட் நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு வந்த புதுசுல இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

24,000 உள்ளவருக்கு ரத்தம் கசியவில்லை. 2,65,000 உள்ளவளுக்கு நிற்கவில்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படி ஒரு முரண் கிடைத்தால் விட முடியாது. நாம் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா? எண்ணுவதற்கு ஏன் இவ்வளவு மரியாதை வந்தது? தேடப் போனபோது கிடைத்த வரலாறு இது.

*

தட்டணுக்களை மனிதர்கள் வெகுகாலம் அழுக்கு என்றே நினைத்தார்கள். நுண்ணோக்கியில் ரத்தத்தை வைத்தால் சிவப்பணு தெரியும், வெள்ளையணு தெரியும். இரண்டுக்கும் நடுவே மணல் தூவியது போல ஏதோ சிறு துகள்கள். சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது. செத்த செல்களின் துண்டு என்றார்கள் சிலர். கிருமி என்றார்கள் சிலர். ஜெர்மானியரான மாக்ஸ் ஷுல்ட்ஸே 1865-ல் அவற்றை ஆரோக்கியமான ரத்தத்திலும் இருப்பவை என்று விவரித்தார். 1874-ல் வில்லியம் ஆஸ்லர் இன்னொன்றைக் கவனித்தார். ரத்தக்குழாய்க்குள் இருக்கும்வரை அவை தனித்தனியாக மிதக்கின்றன. வெளியே எடுத்த உடனே ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிடுகின்றன.

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே தனித்தனி, வெளியே கும்பல். ஆனால் அந்த ஒட்டுதலுக்கு என்ன பொருள் என்று சொன்னவர் இத்தாலியின் தூரின் நகரத்தில் இருந்த ஜூலியோ பிட்சோசெரோ. 1882-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை உயிருள்ள விலங்கின் மெல்லிய ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகப் பார்த்து எழுதியது. குழாயின் ஓரத்தை ஊசியால் காயப்படுத்தினால் என்ன ஆகிறது? சிவப்பணுக்கள் பாட்டுக்குப் போகின்றன. அந்தச் சின்னத் துகள்கள் மட்டும் காயத்தில் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியவற்றின்மேல் மற்றவை வந்து ஒட்டுகின்றன. சிறிது நேரத்தில் வெண்மையான ஓர் அடைப்பான் உருவாகிவிடுகிறது. ரத்தம் உறைவது வேறு, இந்த அடைப்பு வேறு, இது முதலில் நடக்கிறது என்று அவர் பிரித்துச் சொன்னார். தட்டையாக இருந்ததால் சிறு தட்டு என்று பெயர் வைத்தார். நம் ‘தட்டணு’ அங்கிருந்து வந்ததுதான்.

1906-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் இவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் கண்டுபிடித்தார். எலும்பு மஜ்ஜையில் பூதாகரமான ஒரு செல் உண்டு. அதன் ஓரங்கள் நூல் நூலாக நீண்டு, பிய்ந்து விழும் துண்டுகளே தட்டணுக்கள். ஆக அது முழுச் செல் கிடையாது. உட்கரு இல்லை. உடைந்த பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்ளும் வசதி ஏறத்தாழ இல்லை. ஏழு முதல் பத்து நாள் வாழ்ந்துவிட்டுப் போகும். நமக்குள் ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன.

*

எண்ணிக்கைக்கு மரியாதை வந்த ஆண்டு 1910. அதே பாஸ்டனில் வில்லியம் டியூக் என்ற இளம் மருத்துவர் மிக எளிய ஒரு சோதனையைச் செய்தார். காது மடலில் சிறு கீறல் போடுவது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சு தாளால் ஒற்றி எடுப்பது. தாளில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய் நின்றுவிடும். சாதாரண ஆளுக்குச் சில நிமிடங்கள். இதற்கு ரத்தக்கசிவு நேரம் என்று பெயர்.

அவரிடம் வந்த ஓர் இளைஞருக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் நிற்கவில்லை. தட்டணுக்களை எண்ணினார், மைக்ரோலிட்டருக்கு 6,000. கசிவு நேரம் ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. வேறொருவரின் ரத்தத்தை ஏற்றினார். எண்ணிக்கை 1,23,000 ஆனது. கசிவு நேரம் 3 நிமிடத்துக்கு இறங்கியது. மூக்கு நின்றது. சில நாளில் ஏற்றிய தட்டணுக்கள் தீர்ந்துபோக, எண்ணிக்கை விழுந்தது, ரத்தம் மறுபடி வந்தது. ஏற்றினால் நிற்கிறது, தீர்ந்தால் வருகிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்பது மருத்துவத்தின் பொதுஅறிவாகியது. நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

டியூக் சொன்னது சரி. ஆனால் அவர் நோயாளிக்கு இருந்தது 6,000. பெரியப்பாவுக்கு இருந்தது 24,000. இரண்டுமே ‘குறைவு’தான், ஆனால் ஒன்றல்ல. பெரியப்பாவின் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால், 24,000 என்பது மொத்தம் பன்னிரண்டாயிரம் கோடி தட்டணுக்கள். தினசரிப் பராமரிப்புக்கு, அதாவது ரத்தக்குழாய்ச் சுவர்களில் அன்றாடம் விழும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை அடைக்க, ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 7,000 தட்டணுக்கள் செலவாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காயமே இல்லாமல் தானாக ரத்தம் கசிவது பெரும்பாலும் 10,000-க்குக் கீழே இறங்கிய பிறகு நடப்பதற்கு இதுதான் காரணம். நமக்கு இயல்பாக இருக்கும் ஒன்றரை முதல் நாலரை லட்சம் என்பது பெரிய கையிருப்பு. அறுவை சிகிச்சைக்கே பெரும்பாலும் 50,000 போதும் என்கிறார்கள்.

*

எட்டு வருடம் கழித்து, 1918-ல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் எடுவார்ட் கிளான்ஸ்மான் டியூக்கின் கணக்குக்குள் அடங்காத குழந்தைகளைப் பற்றி எழுதினார். மூக்கில் ரத்தம், ஈறில் ரத்தம், லேசாக இடித்தாலே நீலத் தழும்பு. குடும்பத்தில் வேறு சிலருக்கும் உண்டு. எண்ணினால் தட்டணுக்கள் சரியாகவே இருந்தன.

கிளான்ஸ்மானுக்கு வழி காட்டியது ஒரு கண்ணாடிக் குழாய். ரத்தத்தை எதுவும் கலக்காமல் குழாயில் எடுத்து வைத்தால் உறைந்து கெட்டியாகும். நல்ல ரத்தமாக இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் அந்த உறைகட்டி சுருங்கத் தொடங்கும். தயிரிலிருந்து தண்ணீர் பிரிவது போல மஞ்சள் நிற நீர் பிரிந்து நிற்கும். கட்டியைச் சுருக்குவது தட்டணுக்கள்தான். அவை உறைவு நூல்களைப் பிடித்து உள்நோக்கி இழுக்கின்றன. இந்தக் குழந்தைகளின் ரத்தம் உறைந்தது, ஆனால் சுருங்கவில்லை. உறைந்தது உறைந்தபடி குழாய் முழுக்க நின்றது. தட்டணுக்கள் இருக்கின்றன, வலுவில்லை. ‘பலவீனத் தட்டணு’ என்று பொருள்படும் த்ராம்பாஸ்தீனியா என்ற பெயரை அவர் வைத்தார். இன்று அது கிளான்ஸ்மான் த்ராம்பாஸ்தீனியா.

என்ன வலு இல்லை? அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். மழை வலுத்தால் எங்காவது ஒரு கரை உடைப்பெடுக்கும். சின்ன வயதில் ஒருமுறை உடைப்பை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற தண்ணீரில் மண்மூட்டையைச் சும்மா போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் முளைக்குச்சிகளை வரிசையாக அடித்து இறக்கினார்கள். போட்ட மூட்டைகள் அதில் தடுக்கி நின்றன. நின்ற மூட்டைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்தார்கள். வைக்கோலும் களிமண்ணும் திணித்து இறுக்கியது கடைசி வேலை. மூட்டை எத்தனை என்பது முக்கியம்தான். முளையும் கயிறும் இல்லாமல் ஆயிரம் மூட்டை இருந்தும் பயனில்லை.

ரத்தக்குழாயிலும் ஏறக்குறைய இதே வரிசை. குழாயின் உட்பூச்சு கிழிந்தால் அதற்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார் வெளியே தெரியும். ரத்தத்தில் சுருண்டு மிதக்கும் வான் வில்லெபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அந்த நாரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தின் இழுப்பில் சுருள் விரிந்து நீண்ட வடமாகும். இதுதான் முளை. வேகமாகப் போகும் தட்டணு அதில் மாட்டி, உருண்டு உருண்டு வேகம் குறைந்து நிற்கும்.

நின்றதும் தட்டணு விழித்துக்கொள்கிறது. தட்டாக இருந்தது கைகால் முளைத்த நட்சத்திரம் மாதிரி ஆகும். தன் பைகளில் வைத்திருக்கும் ஏடிபி போன்ற பொருள்களைக் கொட்டும். த்ராம்பாக்சேன் என்ற இன்னொன்றை அங்கேயே தயாரித்து வெளியிடும். இவை பக்கத்தில் போகும் தட்டணுக்களுக்கான கூப்பாடு. கூப்பாட்டைக் கேட்டவையும் விழிக்கும். விழித்த ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும், அதுவரை மூடியிருந்த ஏராளமான கொக்கிகள் திறக்கும். ரத்தத்தில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்துக்கு இரண்டு முனை. ஒரு முனையை இந்தத் தட்டணுவின் கொக்கியும் மறுமுனையைப் பக்கத்துத் தட்டணுவின் கொக்கியும் பிடிக்கும். கயிறு கட்டியாகிவிட்டது. அதன்பின் மெதுவாக ஃபைப்ரின் வலை வந்து மூடும். அந்த வலையையும் தட்டணுக்கள் இதே கொக்கிகளால் பிடித்து இழுத்து இறுக்கும்.

எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டில் கொம்பு கிழித்துத் தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் எத்தனை நல்ல தட்டணுக்களாலும் அடைக்க முடியாது. அங்கே அழுத்திப் பிடிக்கவும் தைக்கவும் கை வேண்டும். தட்டணுக்களின் ஆட்சி சின்னக் குழாய்களில். மூக்கின் உட்பகுதி, ஈறு, குடல், கருப்பை, தோல். அதனால்தான் தட்டணுக் கோளாறு இந்த இடங்களில் காட்டிக்கொடுக்கும். உறைவுக் காரணிகள் குறைந்த ஹீமோஃபீலியாவில் மூட்டுக்குள் ரத்தம் கட்டும். இரண்டையும் பிரித்தறிய முதல் அடையாளம் இந்த இடவேறுபாடுதான்.

1962-ல் லண்டனில் குஸ்தாவ் போர்ன் இந்தக் கயிறு கட்டும் வேலையை அளக்க ஒரு கருவி செய்தார். இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் மகன். தட்டணுக்கள் மிதக்கும் பிளாஸ்மா கலங்கலாக இருக்கும், ஒளி சரியாக ஊடுருவாது. அதில் ஏடிபியைச் சேர்த்துக் கலக்கினால் தட்டணுக்கள் கூடிக் கட்டிகளாகும், பிளாஸ்மா தெளியும், ஒளி அதிகம் கடக்கும். அந்த ஒளியைக் கோடாக வரைந்தால் போதும். கிளான்ஸ்மான் நோயாளிகளின் பிளாஸ்மாவில் எவ்வளவு ஏடிபி ஊற்றினாலும் கோடு ஏறவில்லை. 1974-ல் பாரிஸில் ஆலன் நர்டனும் ஜாக் கேனும் அந்தத் தட்டணுக்களின் மேற்பரப்புப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது வழக்கமான ஒன்று அங்கே இல்லை. இல்லாமல் போனது கொக்கிதான். மருத்துவர்கள் அதை 2பி-3ஏ என்கிறார்கள். முளை இருக்கிறது, மூட்டை இருக்கிறது, மூட்டையில் கயிறு கட்டும் காது இல்லை.

*

இந்த வரலாற்றில் அடுத்த ஊர் வேலூர். 1981-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் தென்னிந்தியாவைச் சேர்ந்த 42 கிளான்ஸ்மான் நோயாளிகளைப் பற்றி ஓர் அறிக்கையைச் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். உலகத்தில் மிக அரிதான நோய் என்று சொல்லப்படும் ஒன்றுக்கு ஒரே மருத்துவமனையில் 42 பேர்! அதன்பிறகு இந்த நோய் பற்றிய கட்டுரைகளில், அது கூடுதலாகக் காணப்படும் மக்கள் கூட்டங்கள் என்று ஈராக்கிய யூதர்களையும் பிரெஞ்சு ஜிப்சிகளையும் சொல்லும்போது தென்னிந்தியர்களையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கூட்டங்களுக்குப் பொதுவானது உறவுக்குள் திருமணம். கொக்கியைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவருக்குப் பாதிக் கொக்கிகள் இருக்கும். பாதியே தாராளம். அவருக்கு ரத்தம் கசியாது, எந்தச் சந்தேகமும் வராது. ஒரு தாத்தாவிடம் இருந்த ஒற்றைப் பழுது மகன் வழியாகவும் மகள் வழியாகவும் பேரப்பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கலாம். அந்தப் பேரனுக்கும் பேத்திக்கும் கல்யாணம் என்றால் இரண்டு பழுதுகளும் ஒரே குழந்தையிடம் வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. இருவரும் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு.

என் சித்தி சித்தப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். சொத்து பிரியக்கூடாது என்று அப்பத்தா முடித்து வைத்த கல்யாணம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என் அப்பா அம்மாவும் ஒன்றுவிட்ட உறவுதான்.

*

தங்கச்சிக்கு அறிகுறிகள் முன்பே இருந்தன. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. பொற்கொல்லர் கை ராசியில்லை என்றார்கள். பால்பல் விழுந்தபோதெல்லாம் தலையணை சிவப்பானது. கோடையில் சில்லுமூக்கு உடைந்தால் மதியம் வரை நிற்காது, சூட்டு உடம்பு என்று இளநீர் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நடுவில் மூன்று முறை ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். மூன்று முறையும் அதே பதில்: கவுண்ட் நல்லாத்தான் இருக்கு.

அந்தப் பதில் ஏன் அப்படித்தான் வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கவுண்ட் எடுக்கும் ரத்தத்தை ஊதா மூடி போட்ட குப்பியில் பிடிக்கிறார்கள். அதில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது, கொக்கியும் சரியாக வேலை செய்யாது, தட்டணுக்கள் கூடாது. கூடாமல் இருந்தால்தான் இயந்திரம் ஒவ்வொன்றாக எண்ண முடியும். அதாவது எண்ணுவதற்கான முதல் நிபந்தனையே அவற்றின் ஒட்டும் வேலையை நிறுத்திவைப்பது. எண்ணும் இயந்திரம் சிறு துளை வழியாகத் துகள்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் மின்னோட்டத்தில் ஏற்படுத்தும் சிறு தடங்கலைக் கணக்கெடுக்கிறது. அதன் கண்ணுக்கு நல்ல தட்டணுவும் கொக்கி இல்லாத தட்டணுவும் ஒரே அளவுள்ள இரண்டு துகள்கள். வேலை செய்கிறதா என்று அதனிடம் நாம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

சரியான கேள்வியைக் கேட்டவர் எங்கள் உறவில் ஒரு மாமா. பழைய லேப் டெக்னீசியன், ஓய்வு பெற்றவர். சித்தப்பா வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர், காது குத்திய கதையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “குப்பில எடுக்காதீங்கய்யா. விரல்ல குத்தி நேரா கண்ணாடியில தேய்க்கச் சொல்லு” என்றார். அவரே தெரிந்தவரின் லேபுக்குக் கூட்டிப்போய் இரண்டு கண்ணாடித் தகடுகள் செய்தார், ஒன்று தங்கச்சி ரத்தம், ஒன்று சித்தப்பா ரத்தம். சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தார். சித்தப்பாவின் தகட்டில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. ஆஸ்லர் பார்த்த அதே கும்பல். மகளுடைய தகட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லப்பா. சந்தையில தொலைஞ்ச புள்ளைக மாதிரி நிக்குது” என்று எனக்கு போனில் சொன்னார்.

இன்னொரு மாதிரியை வெறும் கண்ணாடிக் குழாயில் எடுத்து வெந்நீர்த் தொட்டியில் உடம்புச் சூட்டில் வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்தும் கட்டி சுருங்கவில்லை. கிளான்ஸ்மானின் குழாய், நூறு வருடம் கழித்து. செலவு நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. இது தீர்ப்பு இல்லை, சந்தேகம்தான் என்றும் மாமா சொன்னார். வேலூருக்குப் போனார்கள். ஒளிக்கோடு ஏறாததையும், கொக்கி இல்லாததையும் அங்கே உறுதிசெய்தார்கள்.

கசிவை நிறுத்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். உறைந்த வலை கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தார்கள். ரத்தமும் தட்டணுவும் ஏற்றினார்கள். சிவப்பணு ஏற்றியதே கசிவைக் குறைக்கவும் உதவும் என்று மருத்துவர் விளக்கினாராம். ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுவே நெருக்கியடித்துப் போகும்போது தட்டணுக்களைச் சுவரோரம் ஒதுக்குகின்றன. காயம் சுவரில்தானே இருக்கிறது? சோகை முற்றினால் இந்த ஒதுக்கல் குறைந்து, இருக்கும் தட்டணுவும் நடுவோடு போய்விடும். ரத்தம் போனதால் சோகை, சோகையால் மேலும் ரத்தம்.

தட்டணு ஏற்றுவதில் ஒரு கெடுபிடியும் உண்டு. தங்கச்சியின் உடம்பு கொக்கியைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஏற்றும் தட்டணுவில் இருக்கும் கொக்கியை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கினால், அடுத்த முறை ஏற்றுவது வேலைக்கு ஆகாமல் போகலாம். ஆகவே பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை போன்ற நாள்களுக்காகச் சேமித்து வைக்க வேண்டிய ஆயுதம் அது.

*

பெரியப்பா கதை பாக்கி இருக்கிறது. பணியிலிருந்த இளம் டாக்டர் கவுண்ட் கேட்கும் முன் வேறொன்று கேட்டார்: “ஐயா தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். அதை உடனே நிறுத்தச் சொன்னார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், புரூஃபன் கூடாது என்றார். ஆஸ்பிரின், தட்டணு த்ராம்பாக்சேன் செய்யும் வழியை நிரந்தரமாக அடைக்கிறது. உட்கரு இல்லாத தட்டணு அந்த நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது, சாகும்வரை கூப்பாடு போட முடியாமலே இருக்கும். எண்ணிக்கை குறைந்த நேரத்தில் இருப்பவற்றின் வேலையையும் கெடுக்கக் கூடாது. எண்ணிக்கையையும் வேலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அவர் வீட்டாரிடம் பார்க்கச் சொன்னது சிறுநீர் போகிறதா, வயிறு வலிக்கிறதா, வாந்தி ஓயவில்லையா, கைகால் சில்லிடுகிறதா என்பதை. காய்ச்சல் விடும் நாளில் கூடுதல் கவனம். டெங்குவில் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது ரத்தக்குழாய்ச் சுவர் வழியே நீர்ப்பகுதி கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவது. தட்டணு எண்ணிக்கை அந்தக் கட்டம் நெருங்குவதைக் காட்டும் ஓர் அடையாளம். எண்ணை மட்டும் ஏற்றி அந்தக் கட்டத்தைக் கடத்திவிட முடியாது. நாங்கள் வாட்ஸ்அப்பில் ஆள் தேடிக்கொண்டிருந்த அதே 2017-ல், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஓர் ஆய்வு லான்செட் இதழில் வந்தது. தட்டணு 20,000-க்குக் கீழிறங்கிய, பெரிய கசிவு இல்லாத டெங்கு நோயாளிகள் 372 பேரில் பாதிப் பேருக்குத் தட்டணு ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ஏற்றியதால் ரத்தக்கசிவு குறிப்பிடும்படி குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்க விளைவுகள் ஏற்றியவர்களிடம் கூடுதலாக இருந்தன. கசிந்துகொண்டிருப்பவருக்கு ஏற்றுவது வேறு கதை. பெரியப்பாவுக்கு ஏற்றவில்லை. 19,000 வரை இறங்கி, மூன்றாம் நாள் 62,000 ஆனது. பப்பாளி இலைதான் காரணம் என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

தங்கச்சி இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். பல் பிடுங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வேலூருக்கு போன் போகும். தலைவலிக்குக் கடையில் என்ன மாத்திரை கொடுத்தாலும் பெயரைப் படித்துவிட்டுத்தான் வாங்குவாள். பர்ஸில் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறாள். நோயின் பெயர், ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசி கூடாது, இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று அதில் இருக்கிறது. கடைசி வரியை அவளே பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறாள்:

“தட்டணு எண்ணிக்கை சரியாக இருக்கும். அதை நம்ப வேண்டாம்.”